பெயரை இரவல் கேட்கும் கடன்: ஜாமீன் கையெழுத்தும் சாதிச் சான்றிதழும்

கைமாற்றுக் கேட்பவர் நம்முடைய பணத்தைக் கேட்கிறார். இல்லை என்று சொல்வது எளிது. பெரும்பாலும் அது உண்மையாகவும் இருக்கும். ஜாமீன் கேட்பவர் பணத்தைக் கேட்பதில்லை. "அண்ணே, உங்க கையெழுத்து ஒண்ணு போதும்" என்கிறார். ஆதார் நகலையோ சாதிச் சான்றிதழையோ கேட்பவரும் பணத்தைக் கேட்பதில்லை. நம்மிடம் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்த ஒன்றைக் கேட்பதால் இல்லை என்று சொல்ல வழியில்லை. மறுப்பதென்றால் கேட்பவரை நம்பவில்லை என்றுதான் சொல்ல வேண்டியிருக்கும்.

இந்தக் கோரிக்கை சமூகத்தில் எல்லோரிடமும் சமமாக வந்து சேர்வதில்லை. நிலமும் கடையும் தலைமுறைச் சேமிப்பும் உள்ள குடும்பங்களில் கடனுக்கு ஈடாக வைக்கச் சொத்து இருக்கிறது. ஆள் ஜாமீன் அங்கே இரண்டாம் பட்சம். ஈடு வைக்க ஏதுமில்லாத சேரியில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கத் தொடங்கிய ஆசிரியரோ, கிராம நிர்வாக அலுவலரோ, போக்குவரத்துக் கழக ஊழியரோ அந்தத் தெரு முழுவதற்குமான ஈடாகிவிடுகிறார். சம்பளம் இல்லாதவரிடமும் கேட்கப்படும் பொருள் ஒன்று உண்டு. அது பட்டியல் சாதிச் சான்றிதழ். மானியக் கடனுக்கான திறவுகோலாக அது இருப்பதால், ஊர்த்தெருவிலிருந்து வந்து கேட்பவர்களும் இருக்கிறார்கள்.

இரண்டு கோரிக்கைகளும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கின்றன. இரண்டிலும் "தவணையை நான் கட்டிக்கொள்கிறேன், நீங்கள் பெயருக்குத்தான்" என்ற வாக்குறுதியே தரப்படுகிறது. ஆனால் சட்டத்தின் கண்ணில் இவை முற்றிலும் வேறானவை. அந்த வேறுபாடு பலருக்கும் தெரிவது நோட்டீஸ் வீடு வந்து சேர்ந்த பிறகுதான்.

ஜாமீனிலிருந்து தொடங்குவோம். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 126ஆம் பிரிவு முதல் 147ஆம் பிரிவு வரை, பிணை ஒப்பந்தத்தைப் பற்றியே பேசுகிறது. இவற்றில் ஜாமீன்தாரரின் தலையெழுத்தைத் தீர்மானிப்பது 128ஆம் பிரிவு. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லப்படாத வரையில், கடன் வாங்கியவரின் பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாரரின் பொறுப்பும் அவ்வளவே என்று அது கூறுகிறது. பொறுப்பு பாதியும் அல்ல, கடனாளி ஓடிப்போனால் மட்டும் வருவதும் அல்ல. அசலும் வட்டியும் அபராத வட்டியும் வழக்குச் செலவும் சேர்ந்த முழுத்தொகை அது.

"முதலில் கடன் வாங்கியவரிடம் வசூலியுங்கள், அவரிடம் ஒன்றும் பெயராவிட்டால் பிறகு என்னிடம் வாருங்கள்" என்று கேட்பது நியாயமாகத்தான் தோன்றும். பிகார் வங்கி எதிர் தாமோதர் பிரசாத் வழக்கில் கீழ்நீதிமன்றமும் ஏறக்குறைய அப்படித்தான் உத்தரவிட்டிருந்தது. 1968இல் உச்ச நீதிமன்றம் அந்த நிபந்தனையை நீக்கிவிட்டது. கடனாளியிடம் எல்லா வழிகளையும் முயன்று முடித்த பிறகே ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்றால், ஜாமீன் வாங்குவதன் பயனே அற்றுப்போகும் என்பது அதன் காரணம். அன்றிலிருந்து இன்று வரை நிலை மாறவில்லை. கடன் கொடுத்தவர் எவரிடம் எளிதாக வசூலிக்க முடியுமோ அவரிடம் முதலில் வரலாம். நிலையான முகவரியும் மாதச் சம்பளமும் உள்ளவரிடம் வசூலிப்பது எளிது. ஜாமீன்தாரராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டதும் அதற்காகத்தான்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் தன் தெருவைச் சேர்ந்த அறிமுகமானவருக்கு 5 லட்சம் ரூபாய் கடனுக்கு ஜாமீன் கையெழுத்திடுகிறார் என்று கொள்வோம். வட்டி ஆண்டுக்கு 12 சதவீதம், தவணைக் காலம் 5 ஆண்டுகள். மாதத் தவணை சுமார் 11,120 ரூபாய் வரும். கடன் வாங்கியவர் 14 தவணைகளை ஒழுங்காகக் கட்டிவிட்டு நிறுத்திவிடுகிறார். கட்டிய தொகை 1,55,000 ரூபாயைத் தாண்டியிருக்கும். ஆனால் தொடக்கத் தவணைகளில் கணிசமான பகுதி வட்டிக்கே போவதால், நிலுவை அசல் இன்னும் சுமார் 4,08,000 ரூபாய் இருக்கும். 90 நாட்கள் தவணை வராவிட்டால் வங்கி அதை வாராக்கடனாக வகைப்படுத்தும். வழக்கு, தீர்ப்பு, பிறகு நிறைவேற்று மனு என்று அது நகரும்.

நிறைவேற்று மனுவில் சம்பளம் ஜப்தி செய்யப்படும்போது எவ்வளவு பிடிக்கலாம் என்பதற்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு எல்லை வகுத்திருக்கிறது. சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயையும், எஞ்சியதில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. ஜப்திக்கு உட்படும் சம்பளம் 40,000 ரூபாய் என்றால், 1,000 போக 39,000; அதில் மூன்றில் ஒரு பங்கு 13,000 ரூபாய். கடன் வாங்கியவர் கட்டாமல் விட்ட தவணை 11,120 ரூபாய்தான். அதைவிடக் கூடுதலான தொகை ஜாமீன்தாரரின் சம்பளத்திலிருந்து மாதந்தோறும் போகும். ஒரே தீர்ப்புக்காகத் தொடர்ந்தும் விட்டுவிட்டும் மொத்தம் 24 மாதங்கள் சம்பளம் பிடிக்கப்பட்டுவிட்டால், அந்தத் தீர்ப்பைப் பொறுத்தவரை அதன் பிறகு அந்தச் சம்பளத்தைத் தொட முடியாது. 13,000 வீதம் 24 மாதங்களுக்கு 3,12,000 ரூபாய். மீதித் தொகைக்கு வீடு, மனை, வங்கி வைப்பு ஆகியவற்றைத் தேடுவார்கள். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் ஓய்வூதியமும் இதே பிரிவின் கீழ் பாதுகாக்கப்பட்டவை. இந்த 24 மாத வரம்பை நினைவுபடுத்துவது பெரும்பாலும் ஜாமீன்தாரரின் வேலையாகவே இருக்கிறது. பிடித்தம் செய்யும் அலுவலகம் தானாக நிறுத்தும் என்று எதிர்பார்த்திருப்பதில் பயனில்லை.

இரண்டு பேர் ஜாமீன் போட்டிருந்தால் ஆளுக்குப் பாதி என்று பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். ஜாமீன்தாரர்கள் தங்களுக்குள் சமமாகப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும் என்று 146ஆம் பிரிவு சொல்வது உண்மைதான். வழக்கமான வங்கிப் படிவத்தில் இருவரும் கூட்டாகவும் தனித்தனியாகவும் பொறுப்பேற்கிறார்கள் என்ற தொடர் இருக்கும். அது இருக்கும் வரையில் வங்கி ஒருவரிடமே முழுவதையும் வசூலிக்கலாம். பாதியை மற்றவரிடம் கேட்டு வாங்குவது கட்டியவருடைய பாடு.

கையெழுத்திடும் காகிதத்தில் என்ன இருக்கிறது என்பதும் கவனிக்கத் தக்கது. சட்டம் ஜாமீன்தாரருக்குச் சில பாதுகாப்புகளைத் தந்திருக்கிறது. அவருடைய சம்மதமில்லாமல் கடனின் நிபந்தனைகளை மாற்றினால் அதன் பின்னான பொறுப்பிலிருந்து அவர் விடுபடுவார் என்கிறது 133ஆம் பிரிவு. கடனாளியுடன் தனியாகச் சமரசம் செய்துகொண்டு அவகாசம் கொடுத்தாலும் விடுபடுவார் என்கிறது 135ஆம் பிரிவு. கடனுக்கு ஈடாக இருந்த பொருளை வங்கி கைநழுவ விட்டால் அதன் மதிப்பளவுக்கு விடுபடுவார் என்கிறது 141ஆம் பிரிவு. ஆனால் வங்கியின் அச்சிட்ட படிவம் இந்த உரிமைகளை எல்லாம் நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று ஜாமீன்தாரரையே சொல்ல வைக்கிறது. பல பக்கங்கள் கொண்ட அப்படிவத்தை யாரும் அந்த மேசையில் உட்கார்ந்து படிப்பதில்லை. படிக்க நேரம் தருவதும் இல்லை. ஒரு நாள் முன்னதாக நகலைக் கேட்டு வாங்கிப் படிப்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை. அதில் முக்கியமாகத் தேட வேண்டியது, இந்த ஒரு கடனுக்கு மட்டுமான ஜாமீனா அல்லது தொடர் ஜாமீனா என்பது. தொடர் ஜாமீன் என்றால், அதே நபர் அதே வங்கியில் பின்னால் வாங்கும் கடன்களுக்கும் அந்தப் பழைய கையெழுத்து நீளும். 130ஆம் பிரிவின்படி அதை எழுத்து மூலம் விலக்கிக்கொள்ளலாம், இனி வரப்போகும் கடன்களுக்கு மட்டும். ஏற்கனவே பட்டுவாடா ஆன கடனுக்குப் போட்ட கையெழுத்தைத் திரும்பப் பெறும் வழி கிடையாது.

ஜாமீன்தாரரிடம் காசோலையும் வாங்குவது தனியார் நிதி நிறுவனங்களிலும் சீட்டு நிறுவனங்களிலும் பரவலான வழக்கம். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுக்கச் சொல்வார்கள். அந்தக் காசோலை பணமின்றித் திரும்பினால் மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138ஆம் பிரிவு வருகிறது. தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது காசோலைத் தொகையின் இரு மடங்கு வரை அபராதம், அல்லது இரண்டும். "நான் கடன் வாங்கவில்லை, ஜாமீன் மட்டும்தான்" என்ற வாதம் அங்கே நிற்காது. ஜாமீன்தாரர் கொடுத்த காசோலைக்கும் இப்பிரிவு பொருந்தும் என்று 2002இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. தானாக விரும்பிக் கையெழுத்திட்டுக் கொடுத்த காசோலையில் மற்ற விவரங்களை வேறொருவர் நிரப்பியிருந்தாலும், அது கடனுக்காகக் கொடுக்கப்பட்டது என்றே நீதிமன்றம் அனுமானிக்கும் என்று 2019இல் வந்த தீர்ப்பும் உண்டு. ஜாமீன் கடிதத்தால் வருவது உரிமையியல் வழக்கு. வெற்றுக் காசோலையால் வருவது குற்ற வழக்கு. ஜாமீன் போட்டே ஆக வேண்டிய நிலையில் இருப்பவரும் காசோலையை மறுக்கலாம்.

கல்லூரி மாணவர்களின் வீடுகளில் இந்த எழுத்து ஜாமீனைவிடப் பழையதான வாய்மொழி ஜாமீன் ஒன்று இன்றும் இருக்கக்கூடும். செங்கல் சூளைக்கோ அரிசி ஆலைக்கோ கரும்பு வெட்டுக்கோ மேஸ்திரியிடம் ஒருவர் முன்பணம் வாங்குகிறார். அவர் வேலையை விட்டுப் போய்விட்டால் அந்தக் கணக்கை நாங்கள் வேலை செய்து கழிக்கிறோம் என்று அண்ணனோ மைத்துனனோ பக்கத்துக் குடிசைக்காரரோ ஒப்புக்கொள்கிறார். இங்கே எந்தப் படிவமும் இல்லை. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் ஒரு பெயர் உண்டு. 1976ஆம் ஆண்டின் கொத்தடிமைத் தொழிலாளர் முறை ஒழிப்புச் சட்டம், கடனாளி திருப்பித் தராவிட்டால் அவருக்காக நான் உழைக்கிறேன் என்று ஜாமீன்தாரர் ஒப்புக்கொள்ளும் முறையையும், அப்படி ஒப்புக்கொண்டதாக அனுமானிக்கப்படும் முறையையும், கொத்தடிமை முறையின் வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. அந்தக் கடன் 6ஆம் பிரிவின்படி அழிந்துபோன கடன். அதை வசூலிக்க எந்த நீதிமன்றத்துக்கும் போக முடியாது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமையும் 15ஆம் பிரிவின்படி கடன் கொடுத்தவர் மீதே இருக்கிறது. களத்தில் மீட்புப் பணி செய்யும் தோழர்கள் முன்பணம் வாங்கியவரின் பெயரை மட்டும் மனுவில் எழுதிவிட்டு, அவருக்குப் பொறுப்பேற்று வேலை செய்துகொண்டிருப்பவரைக் குடும்ப உறுப்பினர் என்ற அளவில் விட்டுவிடுவதுண்டு. அவரும் தன்னளவில் கொத்தடிமைத் தொழிலாளரே. கோட்டாட்சியர் விசாரணையில் அவருடைய வாக்குமூலம் தனியாகப் பதிவாக வேண்டும். விடுவிப்புச் சான்றிதழும் அவர் பெயரில் தனியாகக் கேட்கப்பட வேண்டும்.

இனி, ஆவணங்களை இரவல் கேட்கும் கோரிக்கை. ஜாமீனைவிட இதில் ஆபத்து அதிகம். காரணம், ஜாமீன் போடுபவர் கடனுக்குப் பக்கத்தில் நிற்கிறார்; ஆவணத்தைத் தருபவர் கடனாளியாகவே ஆகிவிடுகிறார்.

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். 2008இல் தொடங்கிய இத்திட்டத்தில், கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பட்டியல் சாதியினருக்குத் திட்ட மதிப்பில் 35 சதவீதம் மானியம் கிடைக்கும். சொந்தப் பங்கு 5 சதவீதம் போதும். இதே ஊரில் பொதுப் பிரிவைச் சேர்ந்த ஆண் ஒருவருக்கு மானியம் 25 சதவீதம், சொந்தப் பங்கு 10 சதவீதம். இந்த வித்தியாசத்தில்தான் ஆவணத்தை இரவல் கேட்கும் ஆசை பிறக்கிறது. பட்டறை உரிமையாளர் ஒருவர், தன்னிடம் மாதம் 14,000 ரூபாய்க்கு வேலை பார்க்கும் பட்டியல் சாதி இளைஞரிடம் வருகிறார். "நீ கையெழுத்து மட்டும் போடு தம்பி, மத்ததெல்லாம் நான் பாத்துக்குறேன்" என்கிறார். சொந்தப் பங்கையும் அவரே போடுகிறார். கையில் 25,000 ரூபாய் தருவதாகவும் சொல்கிறார்.

திட்ட மதிப்பு 10 லட்சம் ரூபாய் என்றால், உரிமையாளர் போடும் பங்கு 50,000. வங்கி தருவது 9,50,000. மானியம் 3,50,000 ரூபாய் உடனே கைக்கு வராது. கடன் வாங்கியவர் பெயரில் மூன்று ஆண்டுகள் வங்கியில் வைப்பாகக் கிடக்கும். அந்த அளவுக்குக் கடனுக்கு வட்டி கிடையாது. மூன்று ஆண்டுகள் தொழில் நடந்திருப்பதை நேரில் சரிபார்த்த பிறகே அது கடனில் கழிக்கப்படும். கணக்கை எளிமையாக்கினால், உண்மையில் கட்ட வேண்டிய கடன் 6 லட்சம். 11 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளுக்கு மாதத் தவணை 13,000 ரூபாயைச் சற்றே தாண்டும். இளைஞரின் மாதச் சம்பளத்தில் ஏறக்குறைய முழுவதும் அது.

நடப்பு வங்கிக் கணக்கு இளைஞர் பெயரில் திறக்கப்படுகிறது. சிறு தொழில் பதிவும் ஜி.எஸ்.டி. பதிவும் அவர் பெயரில். ஆனால் காசோலைப் புத்தகமும் ஏ.டி.எம். அட்டையும் உரிமையாளரின் மேசை இழுப்பறையில். விண்ணப்பத்தில் எழுதப்பட்ட கைபேசி எண்ணும் உரிமையாளருடையது. வங்கியின் குறுஞ்செய்திகள் எதுவும் இளைஞருக்கு வருவதில்லை. இயந்திரம் உரிமையாளரின் கொட்டகையில் இறங்குகிறது. மூன்று ஆண்டுகள் தவணை ஒழுங்காகப் போகிறது, ஏனெனில் மானியம் கழிக்கப்படும் வரை கட்டுவது உரிமையாளருக்கே இலாபம். அதன் பிறகு அவர் நிறுத்திவிட்டால், அப்போது நிலுவை அசல் சுமார் 2,80,000 ரூபாய். அது இளைஞரின் கடன். கொட்டகையிலிருந்த இயந்திரத்தை உரிமையாளர் விற்றுவிட்டால், வங்கிக்கு அடமானமாக எழுதிக்கொடுத்த பொருள் காணாமல் போனதற்குப் பதில் சொல்ல வேண்டியவரும் இளைஞரே. மாறாக, நேரடிச் சரிபார்ப்பில் தொழில் வேறொருவருடையது என்று தெரியவந்தால் மானியம் திரும்பிப் போகும். 3,50,000 ரூபாய் கூடுதலாக அவர் கணக்கில் ஏறும்.

பணக் கணக்கைத் தாண்டிய இழப்பும் உண்டு. அரசு மானியத்தோடு ஒருமுறை தொழில் கடன் பெற்றவருக்கு இத்திட்டத்தில் புதிய தொழிலுக்கு மறுபடி இடமில்லை. ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் உதவி. குடும்பம் என்பது தன்னையும் வாழ்க்கைத் துணையையும் குறிக்கும். ஆகவே அந்த இளைஞர் 25,000 ரூபாய்க்கு விற்றது தன்னுடைய வாய்ப்பையும், பின்னால் தையலகமோ உணவகமோ தொடங்க நினைக்கக்கூடிய தன் மனைவியின் வாய்ப்பையும் சேர்த்துத்தான். மாவட்டப் புள்ளிவிவரத்தில் மட்டும் பட்டியல் சாதித் தொழில்முனைவோர் எண்ணிக்கை ஒன்று கூடியிருக்கும்.

இப்போது முன்னே சொன்ன வேறுபாட்டுக்கு வரலாம். ஜாமீன்தாரர் கடனைக் கட்டிவிட்டால், 140ஆம் பிரிவின்படி வங்கிக்கு இருந்த உரிமைகள் எல்லாம் அவருக்கு வந்துவிடுகின்றன. 145ஆம் பிரிவின்படி, முறையாகக் கட்டிய தொகையைக் கடன் வாங்கியவரிடமிருந்து திரும்பப் பெறும் உரிமை, எழுதப்படாவிட்டாலும் ஒப்பந்தத்துக்குள் இருப்பதாகவே கொள்ளப்படும். கட்டிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடரலாம். பணம் கிடைக்குமா என்பது வேறு, உரிமை இருக்கிறது. ஆவணத்தைக் கொடுத்தவருக்கு அந்த உரிமை இல்லை, ஏனெனில் காகிதத்தில் கடனாளி அவர்தான். இணைக் கடனாளியாகக் கையெழுத்திடச் சொன்னாலும் ஏறக்குறைய இதே நிலைதான். இருவர் சேர்ந்து கடன் வாங்கிவிட்டு, நம்மில் ஒருவர் வெறும் ஜாமீன் என்று தங்களுக்குள் பேசிக்கொண்டால், அந்தப் பேச்சு கடன் கொடுத்தவரைக் கட்டுப்படுத்தாது. அவருக்கு அது தெரிந்திருந்தாலும் கட்டுப்படுத்தாது. 132ஆம் பிரிவு இதை வெளிப்படையாகவே சொல்கிறது.

சரி, பட்டறை உரிமையாளரிடம் முத்திரைத்தாளில் எழுதி வாங்கிக்கொண்டால்? சட்டத்தை ஏய்க்கும் நோக்கத்தோடு செய்யப்படும் ஒப்பந்தம் செல்லாது என்கிறது 23ஆம் பிரிவு. பட்டியல் சாதியினருக்கான மானியத்தை வேறொருவர் எடுத்துக்கொள்வதற்காக எழுதப்பட்ட ஒப்பந்தத்தைக் கொண்டு நீதிமன்றத்தில் பணம் கேட்பது கடினம். அந்தத் தாள் இளைஞர் தெரிந்தே செய்தார் என்பதற்குச் சாட்சியாகவும் பயன்படும்.

இதில் இளைஞரை மட்டும் குற்றஞ்சாட்டுவது எளிது, ஆனால் சரியல்ல. இதே இளைஞர் தனியாக வங்கிக்குப் போனால் சொந்தப் பங்கு எங்கே, ஈடு எங்கே, அரசு ஊழியர் ஜாமீன் எங்கே என்று திருப்பி அனுப்புகிற மேசை, உரிமையாளர் உடன்வந்தால் உட்கார நாற்காலி போடுகிறது. சிறு, குறுந்தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்கு ஈட்டுச்சொத்து கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி வங்கிகளுக்கு இட்டிருக்கும் கட்டளை. கல்விக் கடனிலும் 7,50,000 ரூபாய் வரை ஈட்டுச்சொத்தும் மூன்றாம் நபர் ஜாமீனும் இல்லாமல் கொடுக்கும் கடன்களுக்கு ஒன்றிய அரசின் கடன் உத்தரவாத நிதி 2015 முதல் இருக்கிறது. பெற்றோர் இணைக் கடனாளியாகக் கையெழுத்திட்டால் போதும். எனவே யாராவது ஜாமீன் கேட்டு வரும்போது முதலில் விசாரிக்க வேண்டியது, அந்தக் கடனுக்கு ஜாமீன் உண்மையிலேயே தேவைதானா என்பது. தேவையில்லாத கடனுக்கு மேலாளர் ஜாமீன் கேட்டால், காரணத்தை எழுத்தில் தரச் சொல்லி மனுக்கொடுக்க உடன்போவது, கையெழுத்திடுவதைவிடப் பெரிய உதவி. வங்கியில் புகார் கொடுத்து 30 நாட்களுக்குள் சரியான பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் cms.rbi.org.in தளத்தில் கட்டணமின்றி முறையிடலாம்.

கடனுக்கென்று சொல்லாமல் வாங்கிப் போகும் நகல்களும் உண்டு. சிம் அட்டைக்கு, வாடகைக்கு, வேலைக்கு என்று கொடுத்த ஆதார் நகல் வேறிடத்தில் பயன்பட்டிருக்கிறதா என்பதைக் கடன் தகவல் அறிக்கையில் பார்க்கலாம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு நிறுவனங்களும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். நாம் ஜாமீன் போட்ட கடன்களும் அதில் தெரியும். கடன் வாங்கியவர் தவணை தவறுகிறாரா என்பதை அவர் சொல்வதற்கு முன்பே அறிய இதுவே வழி. நாம் வாங்காத கடன் இருந்தால் எழுத்தில் மறுப்புத் தெரிவிக்க வேண்டும். 30 நாட்களுக்குள் தீர்க்காவிட்டால் அதன் பிறகு நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. நகல் கொடுத்தே ஆக வேண்டிய இடத்தில், கடைசி நான்கு எண்கள் மட்டும் தெரியும் மறைக்கப்பட்ட ஆதாரைக் கொடுக்கலாம். நகலின் குறுக்கே யாருக்கு, எதற்கு, எந்தத் தேதியில் என்று எழிக்கும் இடத்தின் மேலாகவே கையெழுத்திடலாம். ஓ.டி.பி. எண்ணைக் கேட்டால், அது நகல் அல்ல, கையெழுத்து.

ஏற்கனவே ஜாமீன் போட்டு, தவணை நின்றுபோன செய்தி கிடைத்தவர் செய்யக்கூடியது இன்னும் சில இருக்கிறது. முதலில் வங்கிக்கு எழுதி நிலுவைக் கணக்கையும் தன் ஜாமீன் பத்திரத்தின் நகலையும் கேட்டுப் பெற வேண்டும். கடனாளியோடு வங்கி புதிய நிபந்தனை ஏதும் செய்துகொண்டதா என்பதையும் அதே கடிதத்தில் கேட்க வேண்டும். கடனுக்கு ஈடாக வண்டியோ நகையோ இருந்தால் அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்பது 141ஆம் பிரிவுக்கு அடித்தளமாகும். பணம் கட்ட வேண்டி வந்தால், கடன் வாங்கியவர் கையில் கொடுத்துக் கட்டச் சொல்லாமல், தன் வங்கிக் கணக்கிலிருந்தே ஜாமீன்தாரர் என்ற முறையில் கட்டி ரசீது பெற வேண்டும். கையில் கொடுத்த பணத்துக்கு 145ஆம் பிரிவில் இடமில்லை. மூன்றாண்டுக் கெடு அந்த ரசீதின் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்கும்.